1900 லீப் வருடம் இல்லை, 2000 மட்டும் எப்படி லீப் வருடம்?

கேள்வி: பூமி சூரியனைச் சுற்ற 365¼ நாள், அதனால் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் சேர்க்கிறோம் என்பது புரிகிறது. ஆனால் 1900, 2100 லீப் வருடம் இல்லையாம், 2000 மட்டும் லீப் வருடமாம். இந்தக் குழப்பம் எதற்கு? பருவகாலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கால் நாள் முழுக் கால் நாள் இல்லை. சிக்கல் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே வயல்வெளி, அதன் கோடியில் ஒற்றைப் பனைமரம். ஒவ்வொரு வருஷமும் மார்ச் 20 காலையில் கைப்பிடிச் சுவரில் நான் போட்டு வைத்திருக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று, அந்தப் பனைக்கு எந்தப் பக்கம் சூரியன் எழும்புகிறது என்று பார்ப்பேன். பல வருஷப் பழக்கம் இது. அந்த நாட்களில் சூரியன் தினமும் வடக்கே, அதாவது கிழக்கு பார்த்து நிற்பவருக்கு இடது கைப்பக்கம், நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு அதன் சொந்த அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நகரும். கருவி எதுவும் வேண்டாம், அடுத்தடுத்த இரண்டு நாள் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்படி வடக்கே போகிற சூரியன் பூமியின் நடுக்கோட்டைக் கடக்கும் நொடிதான் சமப் பகலிரவு. அங்கிருந்து மறுபடி அதே இடத்துக்கு வந்து சேரும் வரை உள்ள காலம்தான் பருவங்களின் ஒரு வருஷம். வெயில், மழை, பனி எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. காலண்டரில் என்ன தேதி என்பது அவற்றுக்குத் தெரியாது.

அந்த நொடி நம் இந்திய நேரப்படி எப்போது வந்தது என்று அடுத்தடுத்த வருஷங்களைப் பார்ப்போம். 2020இல் மார்ச் 20 காலை 9.20. 2021இல் அதே தேதி பிற்பகல் 3.07. 2022இல் அதே தேதி இரவு 9.03. 2023இல் தேதியே மாறி மார்ச் 21 அதிகாலை 2.54. வருஷத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளித் தள்ளிப் போகிறது. 365 நாள் முடிந்ததும் காலண்டர் புது வருஷத்தைத் தொடங்கிவிடுகிறது, பூமி இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் இந்தத் தள்ளல்.

மாடியில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். அதே மார்ச் 20 காலை, அதே கோடு, அதே பனை. ஆனால் 2020இல் எழுந்த இடத்தைவிட 2021இல் கொஞ்சம் வலது பக்கம், 2022இல் இன்னும் கொஞ்சம். 2023இல் பார்த்தபோது சூரியனின் அகலத்தில் பாதிக்கு மேல் வலப்பக்கம் ஒதுங்கி எழுந்தது. இப்படியே விட்டால் நூறு வருஷத்தில் 24 நாள் பிசகிவிடும். இன்று மே மாதத்தில் அடிக்கும் வெயில் ஜூனுக்குப் போய்விடும். 2024 பிப்ரவரி 29 வந்தது. அந்த ஒரு நாள் காலண்டரை நிறுத்தி வைத்தது, பூமி வந்து சேர்ந்துகொண்டது. மார்ச் 20 காலை சூரியன் 2020இல் எழுந்த இடத்துக்கே திரும்பியிருந்தது.

கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. நேரத்தைப் பார்த்தால் வேறு கதை. 2024இல் சமப் பகலிரவு காலை 8.36க்கு வந்தது. 2020இல் 9.20 அல்லவா? நாலு வருஷத்தில் 44 நிமிஷம் முந்திவிட்டது. பருவ வருஷம் சராசரியாக 365 நாள் 5 மணி 48 நிமிஷம் 45 விநாடி. நாம் 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு நாள் சேர்க்கிறோம். வருஷத்துக்கு 11 நிமிஷமும் சில விநாடியும் கூடுதலாகக் கொடுக்கிறோம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அது முக்கால் மணி நேரம். 128 வருஷத்தில் ஒரு முழு நாள்.

இந்த முக்கால் மணி நேரத்தை யாரும் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே கணக்கு இருக்கிறது. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸின் யோசனைப்படி ரோமானியக் காலண்டரைத் திருத்தினார். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் என்பது அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். அதற்கு வேறு விலக்கு எதுவும் கிடையாது. கி.பி. 325இல் நைசியாவில் கிறிஸ்தவச் சபை கூடிய காலத்தில் சமப் பகலிரவு மார்ச் 21ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது. ஈஸ்டரைக் கணக்கிட அந்தத் தேதிதான் அடிப்படையாக நிலைத்தது. அதன்பின் 1582க்குள் 1,257 வருஷம் ஓடிவிட்டது. 128ஆல் வகுத்துப் பாருங்கள், 9.8 வரும். அதே போல 1582இல் சூரியன் மார்ச் 11ஆம் தேதியே நடுக்கோட்டைக் கடந்தது, காலண்டரோ மார்ச் 21 என்றே வைத்துக்கொண்டிருந்தது. மாடியில் நின்று பார்த்தால் இது ஏழெட்டுச் சூரிய அகலத் தூரம்.

போப் 13ஆம் கிரிகோரி இரண்டு வேலை செய்தார். முதலாவது, கூடிப்போன பத்து நாளை வெட்டியது. 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தேதி அக்டோபர் 15. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் மக்கள் அப்படித்தான் தூங்கி எழுந்தார்கள். (சீசர் காலம் வரை பின்னால் போயிருந்தால் பத்துக்கும் மேலே வெட்ட வேண்டியிருக்கும். ஈஸ்டர்தான் கவலை என்பதால் நைசியாவோடு நிறுத்திக்கொண்டார்கள்.) இரண்டாவது, இனிமேல் பிசகாமல் இருக்க ஒரு விதி. அதுதான் நீங்கள் கேட்டது. அதன் மூலத் திட்டம் இத்தாலிய மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸுடையது. அது அமலுக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அதை எடுத்து நிறுத்தி, எதிர்ப்புகளுக்கெல்லாம் பதில் எழுதியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ்.

லிலியஸின் யோசனை எவ்வளவு எளிமையானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். வருஷத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 11 நிமிஷச் சொச்சத்தை 400 வருஷத்துக்குப் பெருக்கினால் 3 நாளும் ஏறக்குறைய 3 மணி நேரமும் வருகிறது. அப்படியென்றால் 400 வருஷத்தில் மூன்று லீப் நாளை எடுத்துவிட்டால் போதும். எந்த மூன்றை எடுப்பது? எல்லோருக்கும் நினைவில் நிற்கும்படி நூற்றாண்டு வருஷங்களில் கை வைத்தார்கள். 400 வருஷத்தில் நூற்றாண்டு வருஷம் நாலு வரும். மூன்றில் பிப்ரவரி 29ஐ எடுத்துவிட்டு, 400ஆல் வகுபடும் ஒன்றில் மட்டும் விட்டுவைத்தார்கள். 1700, 1800, 1900 போயின; 2000 நின்றது. அடுத்து 2100, 2200, 2300 போகும், 2400 நிற்கும். நூறுக்குப் பதில் 97 லீப் நாள், அவ்வளவுதான்.

கணினியில் எழுதினால் இப்படி:

```
(y % 4 == 0 and y % 100 != 0) or y % 400 == 0
```

`y % 4 == 0` என்று மட்டும் எழுதினாலும் 1901 முதல் 2099 வரை விடை சரியாகத்தான் வரும், 2000 உட்பட. அதனால்தான் இந்தப் பிழை பல நிரல்களில் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது. சோதிப்பவர்கள் 1900ஐயும் 2100ஐயும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று போட்டு அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை.

இந்த விதி ஊசலைப் போல வேலை செய்கிறது. ஒரே தேதியில், ஒரே நேரத்தில் கட்டிப்போடவில்லை. நாலு வருஷத்துக்கு முக்கால் மணி நேரம் முந்துவது நூற்றாண்டு முடிகிற வரை சேர்ந்துகொண்டே போகும். 2000 லீப் வருடமாக நின்றதால் 1900க்கு அப்புறம் நடுவில் தடை இல்லாமல் சேர்ந்துகொண்டே வருகிறது. 1903இல் இந்திய நேரப்படி மார்ச் 22 நள்ளிரவு தாண்டிக் கடந்த சூரியன், 2096இல் மார்ச் 19 மாலையிலேயே கடந்துவிடும். 2100இல் பிப்ரவரி 29 இல்லை. எனவே இடையில் ஏழு வருஷம் தொடர்ந்து தள்ளித் தள்ளிப் போய், 2103இல் மறுபடி 21ஆம் தேதிக்கு வந்துவிடும். இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான இந்த அலைவுக்குள்தான் பருவங்கள் என்றும் நிற்கும்.

சரி, மிச்சம் இருந்த அந்த 3 மணி நேரம்? 400 வருஷத்துக்கு 3 மணி என்றால் 3,200 வருஷத்தில்தான் ஒரு நாள் பிசகும். அதற்கும் இப்போதே விதி போடலாமே என்று சிலர் கேட்பார்கள். பூமி தன்னைத்தானே சுற்றும் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு ஒரு நாளின் நீளமே இன்றைய அளவாக இருக்காது. இன்று போடும் விதி அன்று பொருந்தாது.

நம் பஞ்சாங்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நமக்கு லீப் வருடமே தேவையில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தமிழ் வருஷத்துக்குத் தனி லீப் விதி இல்லை என்பது உண்மை. சூரியன் ராசிக்குள் நுழையும் நாழிகையைக் கணக்கிட்டு மாதம் தொடங்குவதால் 365 நாளா 366 நாளா என்பது தானாகவே அமைந்துவிடும். ஆனால் அது நட்சத்திரங்களை வைத்து அளக்கும் வருஷம். வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகைச் சொச்சம், அதாவது 6 மணி நேரத்தையும் தாண்டுகிறது. பருவ வருஷத்தைவிட 20 நிமிஷத்துக்கு மேல் நீளம். அதனால் 60 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நம் மாதங்கள் பருவத்தை விட்டுத் தள்ளிப் போகின்றன.

விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15ஆம் தேதி வருகிறது. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம், ஆனால் வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இலேயே நடந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றாக வந்தது சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால். நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டால் பருவம் நழுவும், பருவத்தைப் பிடித்துக்கொண்டால் நட்சத்திரம் நழுவும். நம் முன்னோர் முதலாவதைத் தேர்ந்தார்கள், கிரிகோரி இரண்டாவதை.

நீங்களே பார்க்க விரும்பினால், கிழக்கே தூரத்தில் ஒரு மரமோ கோபுரமோ தெரியும் மாடி ஒன்றைப் பிடியுங்கள். 2027 மார்ச் 20 காலை சூரியன் எங்கே எழுகிறது என்று குறித்து வையுங்கள். 2028இல் சமப் பகலிரவு அதே தேதி காலை 7.47க்கு வருகிறது. நடுவில் ஒரு பிப்ரவரி 29 போயிருக்கும். அன்று காலை அதே இடத்தில் நின்றால், முந்தைய வருஷக் குறிக்கு இடது பக்கம் பாதிச் சூரியனுக்கு மேல் தள்ளி எழுந்திருக்கும்.