17 வருட அனுபவத்தோடு 6 வருட வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

"டெஸ்டிங்கில் 17 வருடம் ஆச்சு, சென்னையில் டெஸ்ட் மேனேஜராக இருக்கிறேன். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் கோவைக்கே வந்துவிடப் பார்க்கிறேன். அங்கே சீனியர் ஆட்டோமேஷன் இன்ஜினியர் வேலை ஒன்று இருக்கிறது, ஆனால் 6 முதல் 9 வருட அனுபவம்தான் கேட்கிறார்கள். ரெஸ்யூமேயில் அனுபவத்தைக் குறைத்துப் போடலாமா?"

குறைத்துப் போடாதீர்கள். பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது இருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் கேட்பார்கள். பழைய வேலைகளை வேலைக்கு ஒரு வரியாகச் சுருக்குவதில் தப்பில்லை, பதவியையும் தேதியையும் மாற்றினால்தான் கையில் வந்த ஆஃபர் போய்விடும்.

அதற்கு முன், இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். இதுபோன்ற விளம்பரங்களில் வழக்கமாக இருப்பவை: செலினியத்தில் ஸ்கிரிப்ட் எழுதுவது, ஏபிஐ டெஸ்டிங், ஜென்கின்ஸில் ரெக்ரஷன் ஓட்டுவது, ஜூனியர்களுக்கு வழிகாட்டுவது. இவற்றில் கடந்த இரண்டு வருடத்தில் நீங்களே கைவைத்துச் செய்தவற்றை மட்டும் டிக் அடியுங்கள், டீம் செய்ததை எண்ணாதீர்கள். மேனேஜர்கள் பலருக்குக் கடைசி வரி மட்டும்தான் டிக் ஆகும். அப்படியென்றால் தகுதி அதிகம் என்பதல்ல பிரச்சினை, இந்த வேலைக்குத் தேவையான தகுதி இப்போது கையில் இல்லை. டெக்னிக்கல் ரவுண்டில் ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஐடி மாறுகிற ஒரு பட்டனைப் பிடிக்க எக்ஸ்பாத் எழுதுங்கள் என்பார்கள், அங்கே "அதெல்லாம் டீம் பார்த்துக்கும்" என்றால் இன்டர்வியூ முடிந்தது. சில வாரம் உட்கார்ந்து ஒரு சின்ன ஃப்ரேம்வொர்க்கை நீங்களே எழுதிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

சரி, டிக் நிறைய விழுந்தது என்றால் ரெஸ்யூமேயின் மேல்பகுதியை மாற்றுங்கள். 40 பேர் டீம், பட்ஜெட், கிளையன்ட் மீட்டிங் எல்லாம் ஒரே வரிக்குள் போகட்டும். முதலில் வர வேண்டியது இப்படி: "பேமென்ட் மாட்யூலின் ரெக்ரஷனை நானே ஆட்டோமேட் செய்தேன், இரண்டு நாள் எடுத்தது மூன்று மணி நேரமாகக் குறைந்தது. குடும்பத்தோடு கோவையில் நிலைத்து, நேரடியாக ஸ்கிரிப்ட் எழுதும் வேலையைத் தேடுகிறேன்." எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் நல்ல சம்பளம் கிடைத்ததும் ஓடிவிடுவாரோ என்பதுதான் எடுப்பவருக்கு இருக்கிற பெரிய பயம், காரணத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அவராகவே ஒன்றை யூகித்துக்கொள்வார்.

சம்பளப் பேச்சை ஹெச்.ஆர். முதல் தடவை கூப்பிடும்போதே முடித்துவிடுங்கள். இந்தப் பதவிக்கு பட்ஜெட் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், இப்போது 34 லட்சம் வாங்குபவருக்கு அங்கே 20 லட்சம்தான் என்றால் வீட்டுக்கடன் இ.எம்.ஐ., பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் போக மாதம் ஓடுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, "இந்தத் தொகைக்குள் வரத் தயார், கணக்குப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். "எந்தச் சம்பளமானாலும் சரி, எந்த வேலையானாலும் சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைக் கேட்டதும் இவருக்கு வேலை போய்விட்டதோ என்றுதான் நினைப்பார்கள். யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்களைவிடப் பத்து வயது சின்ன லீட் உங்கள் ஸ்கிரிப்டைத் திருப்பி அனுப்புவார், அது உறுத்தும் என்று தோன்றினால் இதை விட்டுவிட்டு டெஸ்ட் ஆர்க்கிடெக்ட் வேலைகளைத் தேடுங்கள், கோவையில் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம்.