பிங் போகிறது, டேட்டா நிற்கிறது: ஐஸ்கஸி நெட்வொர்க்கில் ஜம்போ ஃப்ரேம்

கேள்வி: மூன்று விஎம்வேர் சர்வர், இரண்டு கன்ட்ரோலர் உள்ள ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ், நடுவில் இரண்டு ஸ்விட்ச். போன வாரம் எல்லா இடத்திலும் எம்டியு 9000 போட்டேன். டேட்டாஸ்டோர் தெரிகிறது, பிங்கும் போகிறது. ஆனால் பெரிய ஃபைல் காப்பி செய்தால் விஎம்கள் அவ்வப்போது உறைந்து நிற்கின்றன. 1500-க்குத் திரும்பினால் சரியாகிவிடுகிறது. எதை விட்டுவிட்டேன்?

பதில்: பெரும்பாலும் இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் கேபிளின் போர்ட்டுகளை. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் செட்டப்பில் எங்கே அடைப்பு என்பதைப் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன், இந்தக் கோளாறு ஏன் இப்படிப் பாதி வேலை செய்து ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடுவோம்.

சர்வரும் ஸ்டோரேஜும் டிசிபி இணைப்பைத் தொடங்கும்போதே, 'என்னிடம் ஒரு பாக்கெட்டில் இவ்வளவு டேட்டா வரை அனுப்பலாம்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. எம்டியு 9000 என்றால் அந்த அளவு 8960 பைட். ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 கழிந்துவிடும். ஒரு முனையில் 9000, மறுமுனையில் 1500 என்றிருந்தால் சின்னதே இரண்டுக்கும் பொதுவாகிவிடும்; வேகம் கூடாது, ஆனால் எதுவும் உடையாது. ஆகவே ஒரு முனையில் மறந்துபோனது பெரிய குற்றமில்லை. இரண்டு முனையும் 9000, நடுவில் ஓரிடம் மட்டும் 1500 என்பதுதான் ஆபத்து. இந்தப் பேச்சுவார்த்தையில் ஸ்விட்சுக்குப் பங்கே இல்லை. ரவுட்டராக இருந்தால் 'பாக்கெட் பெரிது, சின்னதாக அனுப்பு' என்று ஐசிஎம்பி செய்தியாவது திருப்பி அனுப்பும். ஸ்விட்ச் வாயே திறக்காது. பெரிய ஃப்ரேமைக் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அனுப்பியவர் பதில் வராததால் அதே அளவில் மறுபடி அனுப்புவார், அதுவும் அதே இடத்தில் விழும்.

லாகின், டார்கெட் தேடுதல், லன் பட்டியல் எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டுகள். அவை தாராளமாகப் போய்விடும். அதனால்தான் டேட்டாஸ்டோர் 'தெரிகிறது'. 64 கேபி அளவுள்ள ஒரு ரீட் வந்ததும் முதல் பெரிய ஃப்ரேமிலேயே சிக்கல். ஐஸ்கஸி சில நொடிக்கு ஒருமுறை அனுப்பும் 'இருக்கிறாயா' என்ற குட்டிச் செய்தியும் அதே டிசிபி வரிசையில், சிக்கிய பாக்கெட்டின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பதில் வராததால் இணைப்பு செத்துவிட்டது என்று முடிவு செய்து அறுத்துவிட்டு மறுபடி லாகின் செய்யும். லாகின் சின்ன பாக்கெட், உடனே வெற்றி. பிறகு மறுபடி ரீட், மறுபடி அடைப்பு. லாகில் பாத் விழுவதும் எழுவதுமாக இருந்தால், கேபிளைக் குறை சொல்வதற்கு முன் எம்டியுவைச் சந்தேகியுங்கள்.

சரி, உங்கள் பிங் எப்படிப் போனது? வெறும் பிங் ஐம்பத்தாறு பைட். `-s 8972` போட்டிருந்தாலும் `-d` போடாவிட்டால், சர்வரின் `vmk` போர்ட்டிலேயே எம்டியு 1500-ஆக நின்றிருந்தால் சர்வர் அதை நறுக்கித் துண்டு துண்டாக அனுப்பிவிடும், பதிலும் வந்துவிடும். `-d` என்றால் நறுக்காதே. 8972 என்பது 9000-இலிருந்து ஐபி 20-ஐயும் ஐசிஎம்பி 8-ஐயும் கழித்தது. அங்கே 9000 என்றே போட்டுவிட்டு, ஃபெயில் ஆகிறதே என்று நல்ல நெட்வொர்க்கைப் பிரித்து மேய்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். `-I vmk1` என்று எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே சப்நெட்டில் இரண்டு போர்ட் இருக்கும்போது, சொல்லாவிட்டால் இரண்டு சோதனையும் ஒரே போர்ட் வழியாகப் போய்விடக்கூடும்.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் நான் பார்த்த கேஸ் கிட்டத்தட்ட உங்களுடையதுதான். `vmk1` ஸ்விட்ச் ஏ-க்கு, `vmk2` ஸ்விட்ச் பி-க்கு. ஸ்டோரேஜின் முதல் கன்ட்ரோலர் 10.10.10.11 (ஏ-யில்), .12 (பி-யில்), இரண்டாவது .21 (ஏ), .22 (பி). எல்லாம் ஒரே சப்நெட். ஒவ்வொரு சர்வரிலும் எஸ்எஸ்எச் வழியாக இதை ஓட்டினேன்:

```
for v in vmk1 vmk2; do
  for t in 11 12 21 22; do
    echo "$v -> .$t"
    vmkping -I $v -d -s 8972 -c 3 10.10.10.$t | grep loss
  done
done
```

`vmk1`-இலிருந்து .11, .21 இரண்டும் சுத்தம்; .12, .22 இரண்டும் நூறு சதவீத லாஸ். `vmk2`-இல் நேர் எதிர்: .12, .22 சுத்தம், மற்ற இரண்டும் போச்சு. மூன்று சர்வரிலும் இதே கதை. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தால் விடை கண்ணில் பட்டுவிடும்: அதே ஸ்விட்சுக்குள் இருக்கும் வரை எல்லாம் போகிறது, ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும்போது மட்டும் விழுகிறது. சர்வர், ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட்டுகள் அனைத்திலும் 9216 போட்டிருந்தார்கள். இரண்டு ஸ்விட்சையும் இணைக்கும் போர்ட் சேனலை யாரும் தொடவில்லை, ஏனென்றால் 'அது ஸ்டோரேஜ் போர்ட் இல்லையே'.

```
interface port-channel10
  mtu 9216
```

இது சிஸ்கோ நெக்ஸஸில் நாங்கள் சேர்த்த வரி; இரண்டு ஸ்விட்சிலும் போட்டோம். பழைய கேட்டலிஸ்ட் 2960, 3750 வகையில் போர்ட்டுக்குப் போர்ட் போட முடியாது. `system mtu jumbo 9000` என்று ஸ்விட்ச் முழுவதற்கும் சேர்த்துத்தான் போட வேண்டும், அதுவும் ரீலோட் ஆகும் வரை நடைமுறைக்கு வராது. கமாண்ட் அடித்துச் சேவ் செய்துவிட்டு, ரீலோட் செய்யாமல் வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். `show system mtu` ஒன்றே உண்மையைச் சொல்லும்.

அவர்களுக்கும் விஎம்கள் எப்போதும் உறையவில்லை, அவ்வப்போதுதான். ரவுண்ட் ராபின் பாலிசி இயல்பாக ஆயிரம் ஐஓ-வுக்கு ஒருமுறை பாத் மாற்றும். நல்ல பாத்தில் ஆயிரம் ஐஓ ஓடி, அடுத்த ஆயிரம் கெட்ட பாத்தில் விழுந்தால் அங்கே நிற்கும்.

உங்கள் கட்டத்தில் வேறு மாதிரி வந்தால் வேறு அர்த்தம். ஒரு சர்வரின் ஒரு `vmk` மட்டும் எந்த ஐபிக்கும் போகவில்லையென்றால் அடைப்பு அந்தச் சர்வரிலோ அது செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டிலோ. எல்லாச் சர்வரிலிருந்தும் ஒரே ஒரு ஐபி மட்டும் விழுந்தால் அந்த ஸ்டோரேஜ் போர்ட் அல்லது அதன் ஸ்விட்ச் போர்ட். `Message too long` என்று உடனே வந்தால் பாக்கெட் சர்வரை விட்டு வெளியேறவே இல்லை; `vmk`-இல் எம்டியு ஏறவில்லை. `vmk`-இல் 9000 ஏறி, அதைத் தாங்கும் `vSwitch`-இல் 1500 நின்றுவிட்டாலோ சத்தமில்லாமல் விழும். அந்த இரண்டும் தனித்தனி செட்டிங். இதுவும் அடிக்கடி நடக்கும் தப்பு.

```
esxcli network vswitch standard set -v vSwitch1 -m 9000
esxcli network ip interface set -i vmk1 -m 9000
```

இன்னொரு விசித்திரம்: 8972 போகவில்லை, ஆனால் 8958 போகிறது. வித்தியாசம் சரியாகப் பதினான்கு. ஈதர்நெட் தலைப்பின் நீளம் அது. வழியில் ஏதோ ஒரு கருவி, 9000 என்பதைத் தலைப்பையும் சேர்த்து எண்ணுகிறது என்று அர்த்தம். ஜூனிப்பர் ஸ்விட்ச் அப்படி எண்ணும். விண்டோஸில் சில நெட்வொர்க் கார்டுகளின் செட்டிங்கில் 9014 என்று தெரிவதும் இந்தக் கணக்கினால்தான். அது 9000-க்கு மேல் இல்லை, அதே 9000. இந்தச் சண்டையில் மாட்டாமல் இருக்க ஸ்விட்சில் எப்போதும் 9216 மாதிரி தாராளமாக விடுங்கள். முனைகளில் மட்டும் 9000 வையுங்கள். ஸ்விட்சில் பெரிதாக இருப்பதால் எதுவும் கெடாது, குறைந்தால்தான் கெடும். விலான் டேக் எடுக்கும் நான்கு பைட்டும் அதற்குள் அடங்கிவிடும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் ஸ்விட்சுகள், இடையிணைப்பு உட்பட. பிறகு ஸ்டோரேஜ், ஒவ்வொரு கன்ட்ரோலராக. கடைசியில் சர்வர்கள், மெயின்டனன்ஸ் மோடில் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக; அதிலும் `vSwitch` முதலில், `vmk` பிறகு. 1500-க்குத் திரும்புவதென்றால் இதையே தலைகீழாக. இப்படிச் செய்தால் நடுப்பகுதி எந்த நேரத்திலும் முனைகளைவிடச் சின்னதாக இருக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாக்கெட் அளவு டிசிபி இணைப்பு தொடங்கும்போது பேசி முடிவானது. நீங்கள் எம்டியுவை உயர்த்தும்போது பழைய ஐஸ்கஸி செஷன் அறுபடாமல் தொடர்ந்தால், அது பழைய சின்ன அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். 'மாற்றிவிட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை' என்று நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து ஏதோ பேட்ச்சுக்காக ரீபூட் செய்யும்போது புதிய செஷன் 8960-இல் பேசித் தொடங்கும், அன்றைக்கு ராத்திரி போன் அடிக்கும். ஆகவே மாற்றிய அன்றே ஒவ்வொரு சர்வரையும் ரீபூட் செய்து, அதற்குப் பிறகு மேலே சொன்ன பிங்கை ஓட்டுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பியில் 1538 பைட் போனால் அதில் 1460 டேட்டா, சுமார் 95 சதவீதம். ஜம்போவில் 9038-க்கு 8960, சுமார் 99. ஆக, கம்பியில் மிச்சமாவது நான்கு சதவீதம். 64 கேபி அனுப்ப 45 ஃப்ரேமுக்குப் பதில் 8 போதும் என்பதால் சிபியுவுக்கும் வேலை குறையும். ஆனால் இன்றைய கார்டுகள் நறுக்குவதையும் சேர்ப்பதையும் பெரும்பாலும் தாங்களே செய்துவிடுவதால் அந்த லாபமும் முன்புபோல் இல்லை. பேக்கப், ஸ்டோரேஜ் விமோஷன் மாதிரி நீளமாக ஓடும் வேலை அதிகமென்றால் போடலாம். 1 ஜிபி லிங்க்கில் சின்னச் சின்ன டேட்டாபேஸ் ஐஓ மட்டும்தான் என்றால் நான் 1500-லேயே விட்டுவிடுவேன்.

உங்கள் விஷயத்தில் வேலை பாதி முடிந்திருப்பதால் முடித்துவிடுங்கள். இடையிணைப்பைச் சரிசெய்த பிறகு மூன்று சர்வரிலும் எட்டெட்டாக இருபத்துநான்கு பிங்கும் பாஸாக வேண்டும். இடையிணைப்பில் இரண்டு கேபிள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை, அதைச் செருகி மற்றொன்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். போர்ட் சேனல் ஒவ்வொரு இணைப்பையும் ஏதோ ஒரு கேபிளில்தான் அனுப்பும். மற்ற கேபிளை உங்கள் பிங் தொடவே இல்லாமல் போயிருக்கலாம்.