ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்களுக்கு எப்படிப் பெயரிடுவது?

கேள்வி: ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்கள் எல்லாம் scan001, scan002 என்றே கிடக்கின்றன. கேட்டவுடன் ஒன்றை எடுக்க, கோப்புக்கும் கோப்புறைக்கும் எப்படிப் பெயர் வைப்பது?

பதில்: தேடும் நேரத்தில் உங்கள் கையில் இருக்கக்கூடிய தகவல்கள் தேதி, விற்றவர், இன்வாய்ஸ் எண், தொகை ஆகிய நான்குதான், எனவே அவற்றை எப்போதும் இதே வரிசையில் பெயரில் எழுதுங்கள்.

```
2024-03-07_kagitham_KM-0452_18750.00.pdf
```

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதினால், அகரவரிசையே காலவரிசையாகிவிடும்; 07-03-2024 என்று தொடங்கினால் எல்லா மாதங்களின் ஏழாம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். இங்கே இட வேண்டியது இன்வாய்ஸில் அச்சிட்ட தேதியே, ஸ்கேன் செய்த தேதி அல்ல.

தொகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடும்போது பெரும்பாலும் தெரிவது தொகை மட்டுமே; 18750 என்று தேடினால் கோப்பு வந்துவிடும். ஆயிரங்களுக்கு இடையே காற்புள்ளி வேண்டாம்.

தாளில் KM/0452 என்று இருந்தாலும் கோப்புப் பெயரில் சாய்கோடு இட முடியாது என்பதால், அதற்குப் பதில் எப்போதும் சிறுகோடே இடுங்கள். விற்றவரின் சுருக்கப் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள். ஒரே கடை இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவானால் பாதி இன்வாய்ஸ்கள் தேடலில் தென்படாமல் போகும்.

கோப்புறைக்கு ஆண்டு ஒன்றே போதும். விற்றவருக்கொரு கோப்புறை என்று பிரித்தால், ஒரு மாதத்தின் இன்வாய்ஸ்களைத் திரட்ட ஒவ்வொன்றாகத் திறக்க நேரிடும்.