முதல் வரியில் பொங்கோல் வரட்டும்

அன்புள்ள அக்கா,

வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கத் தொடங்குகிறேன். எதிர்வீட்டுப் பையனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் செய்த கேக்கின் படத்தை இன்ஸ்டகிராமில் முதல் பதிவாகப் போட நினைத்திருக்கிறேன். முட்டை சேர்க்காத சாக்லேட் கேக், 6 அங்குலம், மேலே ஒரு டைனோசர், 55 வெள்ளி வாங்கினேன். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “வணக்கம் நண்பர்களே! என் நீண்ட நாள் கனவு இன்று நனவாகிறது. அன்பையும் அக்கறையையும் கலந்து செய்த சுவையான, ஆரோக்கியமான கேக்குகள் இனி உங்கள் இல்லம் தேடி வரும். விலைக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.” இது போதுமா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

– பொங்கோல் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் கேக்கின் அளவு, வகை, விலை, ஊர் ஆகிய நான்கும் இருக்கின்றன. வாங்குபவர்களுக்கு எழுதியதில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பெரிதாக எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னால் போதும்.

இன்ஸ்டகிராம் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் கொடுத்தாலும், விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவரின் கண்ணில் படுவது ஏறத்தாழ முதல் 125 எழுத்துகள் மட்டுமே. மீதியைப் பார்க்க அவர் “more” என்பதைத் தொட வேண்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நமக்கு அந்த இடம் இன்னும் குறுகும். உங்கள் வரைவில் அந்த இடத்தை வணக்கமும் கனவும் அன்பும் அக்கறையும் எடுத்துக்கொள்கின்றன. கனவைப் பற்றி எழுத ஆசை இருந்தால் அதைப் பதிவின் கடைசியில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பொங்கோல் என்ற பெயர் வரட்டும். செங்காங்கில் இருப்பவர் தன்னால் வந்து வாங்க முடியும் என்பதையும், ஜூரோங்கில் இருப்பவர் தன்னால் முடியாது என்பதையும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துகொள்வார்கள்.

விலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் யீஷூனில் கேக் விற்ற காலத்தில் தடுமாறியது இங்கேதான். முதலில் உங்களைப் போலவே விலையை மறைத்தேன். கேட்க வெட்கப்பட்டவர்கள் கேட்காமலே போய்விட்டார்கள் என்பதைப் பின்னர் மின்தூக்கியில் சந்தித்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். பிறகு “40 வெள்ளி முதல்” என்று எழுதினேன், அது இன்னும் மோசமாயிற்று. சர்க்கரைப் பூக்கள் வைத்த இரண்டடுக்குக் கேக்கின் படத்துக்குக் கீழே அந்த வரி இருந்ததால், படத்தில் உள்ளதே 40 வெள்ளி என்று நினைத்துக்கொண்டு ஓர் அம்மா பேசத் தொடங்கினார். அது சிறிய சாதாரணக் கேக்கின் விலை என்று நான் விளக்கியபோது, ஏமாற்றப்பட்டதைப் போல அவர் உணர்ந்ததில் தவறு எதுவும் இல்லை. அன்று முதல் நான் கடைப்பிடித்தது, படத்தில் இருக்கும் கேக்கின் விலையை மட்டும் எழுதுவது. 6 அங்குலக் கேக்கை எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம் என்பதையும் சேர்த்துவிட்டால், இருபது பேரை அழைத்திருப்பவர் தமக்கு அது போதாது என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொண்டு பெரிய அளவைக் கேட்பார்.

அடுத்து, ‘முட்டை சேர்க்காத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முட்டை சேர்க்காத கேக் வேறு, முட்டை படாத கேக் வேறு. முதலாவது செய்முறையைச் சொல்கிறது, இரண்டாவது சமையலறையைச் சொல்கிறது. அதே மாவு கலக்கும் இயந்திரத்திலும் அதே அடுப்பிலும் நீங்கள் முட்டைக் கேக்கும் செய்வதாக இருந்தால் அதை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும், ஏனெனில் விரதத்துக்காகத் தவிர்ப்பவருக்கும் ஒவ்வாமைக்காகத் தவிர்ப்பவருக்கும் அது மிகவும் முக்கியம். பால், கோதுமை, கொட்டை வகைகள் பற்றியும் அவ்வாறே. உங்கள் மலாய் அண்டைவீட்டார் ஹலாலா என்று கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஜெலட்டின் உண்டா, வெனிலா எசன்ஸில் மது கலந்திருக்கிறதா என்பதை உள்ளபடி சொல்லிவிட்டால் முடிவை அவர்களே எடுப்பார்கள். ‘ஆரோக்கியமான’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வெண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த பண்டத்துக்கு அது பொருந்தவில்லை.

சிங்கப்பூர் உணவு அமைப்பு வீட்டிலிருந்து உணவு விற்பவர்களிடம் உரிமம் கேட்பதில்லை, ஆனால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கும் உண்டு. உரிமமே வழங்கப்படாத இடத்தில் “அங்கீகாரம் பெற்றது” என்று யாரோ எழுதியதைப் பார்த்து நீங்களும் எழுதிவிடக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நிபந்தனைப்படி வீட்டு வாசலில் விளம்பரப் பலகை வைக்க முடியாது என்பதால், இந்தப் பதிவுதான் உங்களுக்குப் பலகை. அதில் வீட்டு எண்ணை எழுத வேண்டாம். வட்டாரத்தை மட்டும் எழுதி, பணம் செலுத்தியவருக்குப் புளோக் எண்ணைத் தனியாக அனுப்புங்கள். “இல்லம் தேடி வரும்” என்று எழுதியிருக்கிறீர்கள், கேக்கை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இந்த வெயிலில் வெண்ணெய்க் கிரீம் இளகி டைனோசர் சாய்ந்துவிட்டால் பழி உங்கள் மேல்தான் விழும். தொடக்கத்தில், கீழ்த்தளத்துக்கு வந்து வாங்கிச் செல்வது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பதிவு இப்படி அமையும்:

“பொங்கோலில் பிறந்தநாள் கேக்: முட்டை சேர்க்காத சாக்லேட், 6 அங்குலம், 55 வெள்ளி.
படத்தில் இருப்பது எதிர்வீட்டுப் பையனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் செய்தது. எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். டைனோசருக்குப் பதிலாக உங்கள் பிள்ளை விரும்பும் விலங்கைச் செய்து தருவேன்.
பால், கோதுமை உண்டு. இதே சமையலறையில் முட்டையும் கொட்டை வகைகளும் பயன்படுத்துகிறேன்.
குறைந்தது ஐந்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று கேக் மட்டுமே செய்கிறேன். பொங்கோலில் நேரில் பெற்றுக்கொள்ளலாம்.
தேதியையும் எத்தனை பேர் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இணைப்பு என் பக்கத்தின் முகப்பில் இருக்கிறது.”

ஐந்து நாள், மூன்று கேக், முட்டையும் கொட்டை வகைகளும் பயன்படுத்துவது என்பவை என் ஊகம். உங்கள் அடுப்புக்கும் வேலை நேரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் இணைப்பைப் பதிவுக்குள் வைத்தால் தொட்டாலும் திறக்காது. ஆகவே முகப்பில் `https://wa.me/65` என்று எழுதி, அதையடுத்து உங்கள் எட்டு இலக்க எண்ணை இடைவெளி விடாமல் சேர்த்துவிடுங்கள். + குறி வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை, உங்கள் புளோக்கில் சீனரும் மலாய்க்காரரும் இருப்பார்கள் என்பதால் முதல் வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே தமிழில் முழுவதையும் எழுதுவேன். சில நாள் கழித்து யார் செய்தி அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஆங்கிலப் பகுதியை நீட்டலாமா என்று முடிவு செய்யலாம்.

கேக்கின் மேல் அந்தப் பையனின் பெயர் எழுதப்பட்டிருந்தால், படத்தைப் போடுவதற்கு முன் அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டைனோசர் என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை. தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரமாக இருந்திருந்தால் வேறு படத்தைத் தேடச் சொல்லியிருப்பேன்.

பதிவைப் போட்டபின் அந்த அம்மாவின் கைப்பேசியிலேயே அதைத் திறந்து பாருங்கள். 55 வெள்ளி என்பது “more” என்ற சொல்லுக்கு முன்னால் தெரியவில்லை என்றால் முதல் வரியைக் குறையுங்கள். போட்ட பதிவையும் திருத்தலாம்.