சதுப்பு நிலத்துக்கு எப்படி விலை போடுகிறார்கள்?

கேள்வி: சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்குவதை ரூபாயில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அது சரியா?

ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1 கோடி லிட்டர். அதைப் பிடிக்கத் தொட்டி கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்ப்பது ஒரு வழி. ஆனால் நவம்பரிலேயே சதுப்பு நிரம்பிவிட்டால் டிசம்பர் மழைக்கு இடமிருக்காது. கணக்கில் மட்டும் முழுத் தொகையும் நிற்கும்.

இன்னொரு வழி, சதுப்பு இல்லாவிட்டால் எவ்வளவு சேதமாகும் என்று பார்ப்பது. எனக்கு உறுத்துவது இதுதான். வேளச்சேரி அடுக்குமாடியில் மூழ்கும் காருக்குப் பல லட்சம். குடிசையில் நனையும் அரிசிக்கும் பாய்க்கும் சில ஆயிரம். அப்புறம், சதுப்பை ஒட்டி வீடு கட்டக் கட்ட சேதக் கணக்கு கூடி, அதன் ‘மதிப்பும்’ ஏறும். அந்த வீடுகள்தான் சதுப்பையே சுருக்குகின்றன!