பெயர் இப்போதேவா, 28 கெட்டுக்கா?

"மார்த்தாண்டத்தில் போன வியாழன் பெண் குழந்தை பிறந்தது. பெயரையும் போட்டோவையும் இன்றைக்கே குடும்ப குரூப்பில் போடச் சொல்கிறார் மாமியார். நாங்கள் 28ஆம் நாள் அரைஞாண் கட்டிப் பெயரிடும் 28 கெட்டு வரை பொறுக்கலாமா?"

பெயரை மட்டும் பொறுங்கள், செய்தியைப் பொறுக்க வேண்டாம். முதலில் தாய்மாமனுக்கும் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் போன் போடுங்கள், குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்தது என்ற வருத்தம் லேசில் போகாது. அப்புறம் குரூப்பில் "வியாழன் காலை பெண் குழந்தை, தாயும் சேயும் நலம், பெயர் 28 கெட்டன்று" என்று ஒரு வரி போதும், மாமியாரையே அனுப்பச் சொன்னால் அவருக்கும் சந்தோஷம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலும் பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். நாங்கள் அவசரத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, 28 அன்று ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றினோம், பிறகு சான்றிதழைத் திருத்த அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பெயர் சேர்ப்பது வேறு, பதிந்ததைத் திருத்துவது வேறு.

போட்டோ என்றால் பிஞ்சுக் கால் மட்டும் போடுங்கள், மருத்துவமனைப் பட்டையில் அம்மா பெயரும் எண்ணும் இருக்கும், அது தெரியாதபடி போட்டோவை வெட்டிவிடுங்கள்.