பாட்டியின் ஊறுகாய் அக்கம்பக்கத்துத் தொழிலான கதை

கேள்வி: வீட்டுப் பெரியவர்களின் ஊறுகாய்ச் செய்முறையை வைத்துச் சிறுதொழில் தொடங்கியவர்கள் உண்டா? எப்படி ஆரம்பித்தது?

பினாங்கு ஆயர் ஈத்தாமில், எங்கள் அடுக்குமாடியில் அப்படியொன்று நடந்தது. தொழில் செய்ய வேண்டுமென்று அதை யாரும் ஆரம்பிக்கவில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பந்தலில் தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் கொடுப்பது என் பாட்டியின் வழக்கம். ஓர் ஆண்டு, அதைச் சாப்பிட்ட கீழ்மாடி அக்கா ஒருவர் எங்கள் புளோக்கின் புலனக் குழுவில் "காசுக்குத் தருவீர்களா?" என்று கேட்டுவைத்தார். அதன்பின் மாதத்துக்கு நான்கைந்து புட்டி என்று அது தானாகவே நடந்துகொண்டிருந்தது.

சிக்கல் வந்தது ஒரு திருமண வீட்டு ஆர்டரால். அவர்களுக்காக இருபது கிலோ எலுமிச்சையை ஒரே பிளாஸ்டிக் பீப்பாயில் உப்பிட்டு வைத்தோம். பாட்டியின் முறையில், நறுக்கிய பழத்தில் கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இரண்டு வாரம் ஊறவிட்டு, தினமும் காலையில் ஜாடியைக் குலுக்க வேண்டும். பழம் விடும் சாறும் உப்பும் கலந்த நீர் அப்போதுதான் மேல் துண்டுகளையும் நனைக்கும். பீப்பாயை யாராலும் குலுக்க முடியாததால், மரக்கரண்டியால் கிளறினோம். நீருக்கு வெளியே காய்ந்து நின்ற துண்டுகளில் ஒரு வாரத்துக்குள் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிட்டது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் படிந்தால் உப்பு குறைவு என்று சந்தேகிக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல வளர்ந்திருந்தால் மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியை விற்கக் கூடாது. பாட்டி முகத்தைச் சுளிக்காமல் முழுவதையும் கொட்டச் சொன்னார்.

அன்றுதான் அவருடைய கையளவைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிலோ பழத்துக்கு அவர் போடும் மூன்று பிடி கல்லுப்பு இருநூறு கிராமுக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. பலமுறை நிறுத்தும் அந்த எடை பெரிதாக மாறவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. தூளுப்பைப் பிடித்தால் அதே பிடி அதிகம் கனக்கும் என்பதால், இனி எல்லாம் எடைக்கணக்கு என்று முடிவாயிற்று.

அடுத்த முடிவு பாட்டியுடையது. "ஒரு பொம்பள தூக்கிக் குலுக்குற ஜாடிதான் கணக்கு, அதுக்கு மேல வேணாம்" என்றார். ஆகவே அளவைப் பெருக்காமல் வீடுகளைப் பெருக்கினோம். உப்பில் ஊறிய பழத்தை வெயிலில் வைத்தெடுக்க வேண்டும், ஆனால் மலையடிவாரத்தில் பிற்பகல் மழையை நம்ப முடியாது. அதனால் காலை வெயில் விழும் கிழக்கு வரிசையில் மூன்று வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிலோ பழம் கொடுத்தோம். மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சேர்ப்பது மட்டும் பாட்டியின் வீட்டில். வெந்தயம் ஒரு நிமிடம் கூடுதலாக வறுபட்டாலும் மொத்தமும் கசந்துவிடும் என்பதால், அதை அவர் யாரிடமும் விடுவதில்லை.

எங்கள் கணக்கில் ஐந்து கிலோ பழத்துக்கு நாற்பது வெள்ளி, எண்ணெய் இருபத்திரண்டு, மிளகாய்த்தூள் பன்னிரண்டு, உப்பும் மற்றவையும் எட்டு. காய்ந்து சுண்டியபின் ஏறக்குறைய ஆறு கிலோ, அதாவது 250 கிராம் புட்டிகள் இருபத்து நான்கு கிடைக்கும். புட்டி ஒன்று இரண்டு வெள்ளி என்பதால் அதற்கு மட்டுமே நாற்பத்தெட்டு. பழத்தைவிடக் கண்ணாடிக்கே அதிகம் செலவாகிறது! ஆக மொத்தம் 130 வெள்ளி, புட்டிக்கு ஏறக்குறைய ஐந்து வெள்ளி நாற்பது காசு. விற்பது பத்து வெள்ளிக்கு.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றில் பெரிய சிரமம் இல்லை. மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பெயருடன் பதிய ஆண்டுக்கு அறுபது வெள்ளி, சொந்தப் பெயரிலேயே பதிந்தால் முப்பது. உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேலை செய்யும் எல்லாருக்கும் வேண்டும். பாட்டி ஊசிக்குத்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். உங்கள் ஊராட்சி மன்றத்திடம் வீட்டில் செய்ய அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு மளிகைக் கடை, விற்றபின் பணம் தருவதாகவும் முப்பது விழுக்காடு கழித்துக்கொள்வதாகவும் கூறியது. பத்தில் மூன்று போனால் ஏழு, அதில் செலவு போக மிஞ்சுவது ஒரு வெள்ளி அறுபது காசு. மூன்று வீட்டுப் பெண்களின் கூலியை அதற்குள் அடக்க முடியாது. ஆகவே கடைக்குக் கொடுப்பதில்லை. குழுவில் முன்பணத்துடன் ஆர்டர் சேர்ந்தபின்தான் பழம் வாங்குகிறோம்.